ஒரு விரிப்பு எத்தனை சலவை தாங்கும்?

மதுரையில் ரயில் நிலையத்துக்கும் மீனாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவில் 40 அறை கொண்ட ஒரு விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சொந்தமாகச் சலவை இயந்திரம் போட இடமில்லை, தண்ணீரும் போதாது. ஊருக்கு வெளியே பாய்லர் வைத்து நடத்தும் ஒரு லாண்ட்ரியிடம் துணி போகிறது. வருஷ ஒப்பந்தம் முடியப்போகிறது. லாண்ட்ரிக்காரர் புது விலைப்பட்டியலை மெயிலில் அனுப்பியிருக்கிறார்: பெட்ஷீட் 18 ரூபாய், தலையணை உறை 6, குளியல் டவல் 10, மிதியடித் துண்டு 7. விடுதி மேலாளர் என்ன பதில் எழுதுவார்? பெரும்பாலும் இப்படித்தான்: “ரேட் அதிகமாக உள்ளது. பெட்ஷீட்டை 16 ஆக்கித் தரவும். மற்றவை பழையபடி.”

இந்த இரண்டு வரி மெயிலில் விடுதி பணத்தை மிச்சம் பிடிப்பதுபோலத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

இங்கே சொல்லும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை; ஊருக்கு ஊர், துணிக்குத் துணி மாறும். நாற்பதில் சராசரியாக 28 அறைகள் நிரம்புகின்றன. ஓர் அறைக்கு இரண்டு விரிப்பு, இரண்டு உறை, இரண்டு டவல், ஒரு மிதியடித் துண்டு என ஏழு துணி. ஒரு நாளைக்கு 196 துணி, மாதத்துக்கு 5,880. லாண்ட்ரி கேட்ட விலையில் ஓர் அறையின் துணிக்கு 75 ரூபாய், மாத பில் 63,000. உறை 5, டவல் 9, மிதியடி 6 என்ற பழைய விலைகளோடு பெட்ஷீட் 16 என்றும் பேசி முடித்தால் அறைக்கு 66 ரூபாய், பில் 55,440. மாதம் 7,560 ரூபாய் மிச்சம். மேலாளர் முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கிவிடலாம்.

இப்போது அந்த விரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். விலை 600 ரூபாய். சரியாகத் துவைத்தால் விடுதி விரிப்பு சுமார் 200 சலவை தாங்கும் என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. அதாவது ஒவ்வொரு சலவைக்கும் துணியிலிருந்து 3 ரூபாய் தேய்கிறது. இரண்டு ரூபாய் குறைத்துக்கொண்ட லாண்ட்ரிக்காரர் அதை எங்கே ஈடுகட்டுவார்? பாய்லருக்கு எரிபொருள் போடாமல் முடியாது, ஆள் கூலியைக் குறைக்க முடியாது. அவர் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். முன் அலசலை விட்டுவிட்டு, அதற்குப் பதில் பிளீச்சைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் அழுக்கு சீக்கிரம் போகும், துணியும் பளிச்சென்று வரும். அந்தப் பளிச்சில் குறைசொல்ல யாருக்கும் தோன்றாது. ஆனால் 200 தாங்க வேண்டிய விரிப்பு 100 சலவையில் நைந்துபோகும். சலவைக்கு 3 ரூபாயாக இருந்த தேய்மானம் 6 ஆகிவிட்டது. விலையில் இரண்டு ரூபாய் வாங்கி, துணியில் மூன்று ரூபாய் விட்டாயிற்று.

ஆகவே நம் மேலாளர் பதில் மெயிலை வேறு மாதிரித் தொடங்க வேண்டும். ரேட்டைப் பற்றி முதல் பத்தியில் பேசவே கூடாது என்பது என் கட்சி. முதலில் தம்மிடம் என்ன இருக்கிறது என்று எழுதட்டும்: “எங்களிடம் ஓர் அறைக்கு 4 செட் துணி உள்ளது. மாதம் சுமார் 5,900 துணி உங்களுக்கு வரும். சித்திரைத் திருவிழா நாட்களில் 40 அறையும் நிரம்பி நாளுக்கு 280 துணி வரும். அந்த நாட்களையும் முகூர்த்த நாட்களையும் பட்டியலாக இணைத்திருக்கிறேன்.” லாண்ட்ரி நடத்துபவருக்கு இது உண்மையிலேயே உதவும் தகவல். எத்தனை லோடு, எத்தனை ஆள், எப்போது ஓவர்டைம் என்று அவரால் திட்டமிட முடியும். அப்படித் தெரிந்த அளவுக்குத்தான் அவரால் விலையில் இறங்கிவர முடியும்.

இங்கேயே ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட வேண்டும். விலை துணிக்கா, கிலோவுக்கா? பெரிய லாண்ட்ரிகள் கிலோ கணக்கை விரும்பும். அதில் தவறில்லை, ஆனால் எந்த எடை என்று எழுத வேண்டும். குளித்துவிட்டு வீசிய டவல் ஈரத்தோடு எடை ஏறினால் அதன் காய்ந்த எடையைப்போல இரண்டு மடங்குகூட வரலாம். “துவைத்துக் காய்ந்து திரும்பி வரும் எடைக்கே பில்” என்று ஒரு வாக்கியம் போதும். எனக்குத் துணிக் கணக்குதான் பிடிக்கும். எடை போட்டால் காணாமல் போனது தெரியாது. ரேட்டில் ஜிஎஸ்டி சேர்ந்ததா சேராததா என்பதையும் அதே வரியில் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது தரம். “நன்றாகத் துவைத்துத் தரவும்” என்று எழுதுவதும் எழுதாமலிருப்பதும் ஒன்றுதான். அளந்து பார்க்கக்கூடியதாக எழுத வேண்டும். சலவையின் கடைசிக் கட்டங்களில் ஒன்று, துணியில் தங்கிய காரத்தைச் சிறிது அமிலம் விட்டு முறிப்பது. தொழிலில் அதை ‘சவர்’ என்பார்கள். அதையும் கடைசி அலசலையும் சுருக்கிவிட்டால் துணியில் காரம் தங்கும். ஈரவிரிப்பை அப்படியே உள்ளே விட்டுச் சூடான உருளையில் தேய்த்துக் காயவைக்கும் காலண்டர் இயந்திரத்தில் போகும்போது, அந்தக் காரம் சூடேறி வெள்ளைத் துணியை மஞ்சளாக்கும். படுப்பவருக்கு உடம்பு அரிக்கவும் செய்யும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த பினாப்தலீன் நினைவிருக்கிறதா? திரும்பி வந்த விரிப்பில் ஓரிடத்தை நல்ல தண்ணீரால் நனைத்து ஒரு சொட்டு விட்டால், காரம் மிச்சமிருந்தால் இளஞ்சிவப்பாகும். “மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து பத்து விரிப்பில் இந்தச் சோதனை செய்வோம்” என்று மெயிலில் எழுதினால் லாண்ட்ரிக்காரர் கோபப்பட மாட்டார். தொழில் தெரிந்தவரிடம் பேசுகிறோம் என்று நிமிர்ந்து உட்காருவார். அதோடு இன்னொரு வரி: குளோரின் பிளீச் போடும்போது தண்ணீர் கொதிக்கக் கூடாது. 60 டிகிரிக்கு மேல் போனால் அந்த பிளீச் அழுக்கோடு சேர்த்து நூலையும் தின்னும்.

இத்தனையும் எழுதிய பிறகு ரேட்டுக்கு வரலாம். இப்போது பேரத்துக்கு இரண்டு பக்கமும் சரக்கு இருக்கிறது. “பில் வந்து 15 நாளில் பணம் தருகிறோம். தினம் ஒரே நேரத்தில் துணி தயாராக இருக்கும், உங்கள் வண்டி காத்திருக்க வேண்டாம். கறை பட்டதைத் தனிப் பையில் பிரித்துத் தருகிறோம். ஆகவே பெட்ஷீட் 17, உறை 5.50, டவல் 9.50, மிதியடி 7 என்று முடிக்கலாமா?” அறைக்கு 71 ரூபாய் ஆகிறது, மாத பில் 59,640. கேட்டதிலிருந்து 3,360 ரூபாய்தான் குறைந்திருக்கிறது. ஆனால் இந்தக் குறைவு துணியின் உயிரில் கைவைக்காத குறைவு.

பணம் தரும் நாளைப் பேரப் பொருளாக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. லாண்ட்ரி சிறு, குறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி என்ன எழுதிக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டிப் பணத்தை இழுத்தடிக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. பல விடுதிகள் ஒப்பந்தத்தில் 60 நாள், 90 நாள் என்று எழுதிவிட்டு அது தங்கள் சாமர்த்தியம் என்று நினைக்கின்றன. அந்த வரிக்கு மதிப்பில்லை.

எப்போது எடுத்து எப்போது தருவது என்ற கேள்வியில் நம் ஊர் விடுதிகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லோரும் பகல் 12 மணிக்கு அறையைக் காலி செய்யும் விடுதியில் துணி ஒரே நேரத்தில் சேரும். நம் ஊர் லாட்ஜ்களில் பல 24 மணி நேரக் கணக்கில் அறை கொடுக்கின்றன. காலை 6 மணிக்கும் அறை காலியாகும், இரவு 9 மணிக்கும் காலியாகும். ஆகவே “24 மணி நேரத்தில் திரும்பத் தர வேண்டும்” என்ற வரி சண்டைக்குத்தான் வழி. எந்த மணியிலிருந்து 24 என்று இருவருக்கும் வேறு வேறு எண்ணம் இருக்கும். “மாலை 4 மணிக்கு வண்டியில் ஏறிய துணி மறுநாள் மாலை 4 மணிக்குள் விடுதியில் இறங்க வேண்டும். 4 மணிக்குப் பின் சேர்ந்தது அடுத்த நாள் கணக்கு” என்று எழுதினால் வாதத்துக்கு இடமில்லை.

லாண்ட்ரிக்காரர் 48 மணி நேரம் கேட்டால்? அதற்கும் ஒரு விலை உண்டு, அதை மெயிலில் சொல்லலாம். ஓர் அறைக்கான ஏழு துணியின் கொள்முதல் விலை: விரிப்பு இரண்டு 1,200, உறை இரண்டு 200, டவல் இரண்டு 600, மிதியடி 150, ஆக 2,150 ரூபாய். துணி ஒரு நாள் கூடுதலாக வெளியே இருந்தால் 40 அறைக்கும் இன்னொரு செட் அலமாரியில் இருந்தாக வேண்டும். 86,000 ரூபாய் முடக்கம். “48 மணி நேரம் என்றால் நாங்கள் 86,000 ரூபாய்க்குத் துணி வாங்க வேண்டியிருக்கிறது, அதற்கு ஈடாக ரேட்டில் என்ன தருவீர்கள்?” என்று கேட்டால், கேட்டவருக்கே 24 மணி நேரம் சுலபமாகத் தோன்றலாம்.

தாமதத்துக்கு அபராதம் எழுதுவது எல்லோரும் செய்வது. அன்றைய பில்லில் 10 சதவீதம் என்று வைத்தால், 1,988 ரூபாய் பில்லுக்கு 199 ரூபாய் பிடிக்கலாம். விரிப்பு இல்லாமல் ஓர் அறையை வாடகைக்கு விடமுடியாமல் போனால் நஷ்டம் அதைப்போலப் பல மடங்கு. அபராதத்தை ஏற்றலாமே என்றால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. எழுதிக்கொண்ட தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான நஷ்டஈடு மட்டுமே கிடைக்கும். பயமுறுத்தும் தொகையை எழுதி வைத்து வாங்கிவிட முடியாது. இதைவிட உருப்படியான வரி வேறொன்று இருக்கிறது: “இரவு 8 மணி வரை துணி வராவிட்டால் அன்றைய புதுத் துணியை வேறு லாண்ட்ரிக்கு அனுப்பும் உரிமை எங்களுக்கு உண்டு. கூடுதல் செலவு உங்கள் பில்லில் கழிக்கப்படும்.” லாண்ட்ரிக்காரரை உண்மையில் வேகமாக்குவது இந்த வரிதான், போட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் திருவிழா நாட்களில் இதுவும் பலிக்காது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரையின் எல்லா லாண்ட்ரியும் எல்லா விடுதியின் துணியோடும் திணறிக்கொண்டிருக்கும். அந்த வாரத்துக்கு ஐந்தாவது செட்டை வாங்கி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எந்த ஒப்பந்த வரியும் விரிப்பாகாது.

இனி காணாமல் போகும் துணி. கசப்பு அதிகம் வருவது இங்கேதான். அது எப்படி நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பாருங்கள். விடுதியின் பின்வாசல். வேன் டிரைவருக்கு இன்னும் மூன்று விடுதிக்குப் போக வேண்டும். ஹவுஸ்கீப்பிங் பையன் விரிப்புகளைப் பத்துப் பத்தாக ஒரு விரிப்பிலேயே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறான். கட்டிய விரிப்பைப் பத்தில் ஒன்றாக எண்ணினானா, பதினொன்றாவதா என்று அவனுக்கே தெரியாது. டிரைவர் மூட்டையை எண்ணுகிறார், துணியை எண்ணுவதில்லை. சலானில் 56 என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். மறுநாள் லாண்ட்ரியில் பிரித்து எண்ணினால் 53. “வந்ததே 53தான் சார்” என்கிறார்கள். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை.

மெயிலில் கேட்க வேண்டியது இதற்கான ஒழுங்கு. எண்ணிப் போடும் இடம் விடுதியின் பின்வாசல், எண்ணுபவர்கள் இருவர். ஒவ்வொரு வகைக்கும் தனிப் பை, பை வாயில் எண்ணிட்ட சீல், மூன்று பிரதி சலான். லாண்ட்ரியில் பையைப் பிரிக்கும்போது எண்ணிக்கை குறைந்தால், சீல் எண்ணோடு படம் எடுத்து அன்றிரவுக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் சலானில் உள்ள எண்ணே முடிவு. அதே ஒழுங்கு விடுதிக்கும் பொருந்த வேண்டும். திரும்பி வந்ததை ஒரு நாளுக்குள் எண்ணிச் சொல்லாவிட்டால் சரியாக வந்ததாகவே கொள்ளப்படும். இந்த இரண்டாவது பாதியை விடுதிக்காரர்கள் எழுத மறப்பார்கள். அது இல்லாமல் லாண்ட்ரிக்காரர் முதல் பாதிக்குச் சம்மதிக்கவும் மாட்டார்.

குறைந்த துணி சலானில் நிலுவை என்று ஏறும். வேறு விடுதித் துணியோடு கலந்துபோயிருந்தால் இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடும். ஆகவே ஏழு நாள் பொறுத்து, அப்புறமும் வராததை மட்டும் தொலைந்ததாகக் கணக்கிடலாம்.

மாதக் கடைசியில் ஒரு கூட்டல் கழித்தல் உண்டு. நம் விடுதியில் மாதத் தொடக்கத்தில் 320 விரிப்பு. புதிதாக வாங்கவில்லை. நைந்துபோனதென்று கழித்தது 6. ஆகவே இருக்க வேண்டியது 314. எண்ணிப் பார்த்தால் கட்டில்களில் 80, அலமாரியில் 150, நேற்று லாண்ட்ரிக்குப் போனது 56, மொத்தம் 286. காணாதது 28. மேலாளர் கொதித்துப்போய் மெயில் எழுத உட்காருகிறார். எழுதுமுன் சலான்களின் நிலுவைக் காலத்தைப் பார்க்கட்டும். அங்கே 9தான் இருக்கிறது. மீதி 19 விரிப்பு லாண்ட்ரிக்குப் போகவே இல்லை. விடுதிக்குள்ளேயே கரைந்திருக்கின்றன. தரை துடைக்கக் கிழித்தது, பெயின்டர் மேலே போட்டுக்கொண்டது, விருந்தினர் பெட்டிக்குள் போனது என்று பல வழி. “28 விரிப்பைக் காணோம்” என்று எழுதினால் லாண்ட்ரிக்காரர் தன் சலானைக் காட்டி மொத்தத்தையும் மறுத்துவிடுவார், நியாயமான 9உம் அதோடு போகும். “சலான் எண்கள் இவை, நிலுவை 9” என்று எழுதினால் மறுக்க வழியில்லை.

துணி கலந்துபோகாமல் இருக்க அடையாளம் வேண்டும். ஒரு காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டையின் சாற்றால் துணி ஓரத்தில் புள்ளியும் கோடும் இட்டார்கள். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் அந்தக் குறி அழியாது. இன்று விரிப்பின் மடிப்போரத்தில் விடுதிக்கென்று ஒரு நிற நூல் ஓட்டலாம், பெயரை நெய்தே வாங்கலாம், பெரிய விடுதிகள் துவைத்தாலும் கெடாத மின்னணுச் சில்லையும் தைக்கின்றன. எதைச் செய்தாலும் அதோடு மாதமும் வருஷமும் இருக்கட்டும். அடுத்து வரும் சேதக் கணக்குக்கு அது இல்லாமல் முடியாது.

சேதத்துக்கு லாண்ட்ரிகள் தங்கள் பில்லின் பின்பக்கத்தில் ஒரு வரி வைத்திருக்கும்: சலவைக் கூலியைப்போல இத்தனை மடங்குதான் நஷ்டஈடு என்று. பத்து மடங்கு என்றே வைத்தாலும் 600 ரூபாய் விரிப்புக்கு 170 ரூபாய். விடுதிக்காரர் பதிலுக்கு முழு விலையும் கேட்பார். மூன்று வருஷம் ஓடிய விரிப்புக்குப் புது விலை கேட்பதும் அநியாயம்தான். நடுவழியைக் கணக்கே காட்டுகிறது. மொத்தம் 160 செட், நாளுக்கு 28 செட் சலவைக்குப் போகிறது என்றால் ஒரு விரிப்பு ஏறக்குறைய ஆறு நாளுக்கொருமுறை துவைக்கப்படும், வருஷத்துக்கு 64 முறை. 200 சலவை என்பது சுமார் மூன்று வருஷம். ஆகவே முதல் வருஷம் சேதமானால் கொள்முதல் விலையில் 80 சதவீதம், இரண்டாம் வருஷம் 50, மூன்றாம் வருஷம் 20, அதற்குப் பின் ஒன்றுமில்லை. 600 ரூபாய் விரிப்புக்கு 480, 300, 120. ஓரத்தில் உள்ள மாதமும் வருஷமும் வயதைச் சொல்லிவிடும். அடையாளம் அழிந்துபோயிருந்தால் பாதி விலை என்று எழுதிக்கொள்ளலாம்.

சேதத்துக்குக் காரணம் யார் என்பதுதான் அடுத்த வழக்கு. துணியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ‘ட’ எழுத்தைப்போலச் செங்கோணத்தில் கிழிந்திருந்தால் எங்கோ ஆணியிலோ தள்ளுவண்டி முனையிலோ மாட்டி இழுபட்டது. விடுதி வண்டியா லாண்ட்ரி வண்டியா என்று பார்க்க வேண்டும். நேர்கோட்டில் சுத்தமாக அறுந்திருந்தால் பிளேடு, அது பெரும்பாலும் அறையில் நடந்தது. நடுப்பகுதி மட்டும் மெலிந்து கண்ணாடிபோலத் தெரிந்தால் படுத்துப் படுத்துத் தேய்ந்தது, வயதின் வேலை. பார்க்க முழுசாக, வெள்ளையாக இருந்தும், இரு கட்டைவிரலால் பிடித்து இழுத்ததும் காகிதம்போல எந்தப் பக்கமும் கிழிந்தால் பிளீச். அந்த விரிப்புக்குப் பிறந்த தேதி ஒரு வருஷத்துக்குள் இருந்தால் லாண்ட்ரி தப்ப முடியாது.

கறைக்கும் இதேபோலத்தான். துருக்கறையின் மேல் குளோரின் பிளீச் ஊற்றினால் அது போகாது, அழுந்திப் பதியும். ஆக்சாலிக் அமிலம்போல ஒன்றால்தான் எடுக்க வேண்டும். மஞ்சள் கறை சோப்புத் தண்ணீர் பட்டதும் சிவப்பாகும். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், கார நீரில் மஞ்சளின் நிறம் மாறுகிறது. வெயிலில் உலர்த்தினால் வெளுத்துவிடும், ஆனால் லாண்ட்ரி டிரையரில் வெயில் கிடையாது. தலையணை உறையில் ஊறிய எண்ணெய், சூட்டில் காய்ந்து தேய்க்கப்பட்டுவிட்டால் அப்புறம் இறங்குவது கடினம். மருதாணியும் முடிச்சாயமும் அநேகமாகப் போகவே போகாது. ஆகவே விடுதி கறைத் துணியைச் சிவப்புப் பையில் அன்றைக்கே தனியாக அனுப்ப வேண்டும். லாண்ட்ரி தேய்ப்பதற்கு முன் அதைத் தனியாக ஒருமுறை கவனிக்க வேண்டும். அப்படிச் செய்தும் போகாவிட்டால் லாண்ட்ரி பொறுப்பில்லை. சாதாரணப் பையில் கலந்து வந்து திரும்பும்போது கறையோடு வந்தால் மறுசலவை இலவசம், ஆனால் நஷ்டஈடு கேட்கக் கூடாது. மறுசலவைக்குப் போனது மாத எண்ணிக்கையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

இந்த இடத்தில் லாண்ட்ரிக்காரரிடமிருந்து ஒரு மாற்று யோசனை வரலாம். “சார், துணி பற்றிய இந்தத் தலைவலியே உங்களுக்கு வேண்டாம். துணியையும் நாங்களே போடுகிறோம். அறைக்கு 105 ரூபாய் கொடுங்கள்.” கேட்க இனிமையாக இருக்கும். சொந்தத் துணியில் சலவை 71, விரிப்புக்கு 6, டவலுக்கு 5, உறைக்கும் மிதியடிக்கும் இரண்டேகால் என்று தேய்மானம் 13 ரூபாய்க்குச் சற்றே மேல், ஆக 84 ரூபாய். அறைக்கு 21 ரூபாய் கூடுதல், மாதம் 17,640. வருஷம் இரண்டு லட்சத்துக்கு மேல். இதற்கு ஈடாக விடுதி 160 செட்டுக்கான 3,44,000 ரூபாயைப் போட வேண்டாம். புதிதாகத் தொடங்கும், கையில் காசில்லாத விடுதிக்கு இது வழி. ஏற்கெனவே அலமாரி நிறையத் துணி இருப்பவருக்கு இல்லை. இதில் இன்னொன்று மாறிப்போகிறது. துணி லாண்ட்ரியுடையது என்பதால் பிளீச்சை அவரே அளந்து ஊற்றுவார். ஆனால் விடுதிக்குள் கரைந்த அந்த 19 விரிப்புக்கும் இனி பில் விடுதிக்கு வரும். துணி யாருடையதோ அவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார், மற்றவர் பதில் சொல்வார். அதனால் வாடகைத் துணி என்றால் ஆள் குறைந்த மாதத்திலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையையும், ஒப்பந்தம் முடியும்போது மீதித் துணியை விடுதி வாங்கியாக வேண்டுமா என்பதையும் கேட்காமல் சம்மதிக்கக் கூடாது.

மெயிலிலேயே இவ்வளவும் பேசினால் செல்லுமா, முத்திரைத்தாள் வேண்டாமா என்று கேட்பார்கள். மின்னணு வழியில் உருவானது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. 2010இல் டிரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் ஆகிய நிறுவனங்களுக்கு இடையிலான பாக்சைட் வழக்கில், முறையான ஆவணத்தில் கையெழுத்தாகும் முன்பே மெயில்களில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இது இரண்டு பக்கமும் வெட்டும். பேச்சுவார்த்தை நடுவில் போகிறபோக்கில் “சரி, ஓகே” என்று எழுதிவிட்டால் அதுவே கழுத்தைப் பிடிக்கலாம். “ஒப்புக்கொள்கிறோம், ஆனால் டவலுக்கு 9 ரூபாய்” என்பது ஒப்புதல் ஆகாது. ஒப்புதல் நிபந்தனையில்லாமல் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. ஆகவே கடைசியில் எல்லாப் புள்ளிகளையும் ஒரே மெயிலில் வரிசை எண்ணிட்டு எழுதி, “1 முதல் 11 வரை அனைத்தையும் ஏற்கிறோம்” என்று எதிர்த்தரப்பிடமிருந்து ஒரு பதில் வாங்கிவிட வேண்டும். போனில் பேசி மாற்றியது எதுவும் அன்றைக்கே அதே மெயில் தொடரில் ஏற வேண்டும்.

அந்தப் பட்டியலின் கடைசி எண் பிரிவைப் பற்றியதாக இருக்கட்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவுப்படி, துவைத்த கூலி வரும்வரை அந்தத் துணியைப் பிடித்துவைக்க லாண்ட்ரிக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தத் துணிக்கான கூலிக்கு மட்டும்தான். மூன்று மாதப் பழைய பாக்கிக்கு இன்றைய விரிப்புகளை முடக்க, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, முடியாது. லாண்ட்ரிகள் அனுப்பும் வரைவில் அந்த வரி மெல்ல நுழைந்திருக்கும், அதை எடுத்துவிட்டு இப்படி எழுதலாம்: “30 நாள் முன்னறிவிப்போடு யாரும் விலகலாம். கடைசி வண்டி எடுத்த மூன்றாம் நாளுக்குள் எல்லாத் துணியும் திரும்ப வேண்டும். விடுதியில் இருவரும் சேர்ந்து எண்ணி, நிலுவையைக் கழித்து, அன்றே கடைசி பில் தீர்க்கப்படும்.”